கோவிந்தம்மாவின் மீன்மேல் விழுந்த பழி

கோவிந்தம்மா பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு அவருக்கே தெரியாது. நான் அவரை முதலில் பார்த்த 1968இல் நாற்பது வயதிருக்கும். கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பெண்கள். தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையில் மீன் வாங்கி, பொன்னேரிவரை பஸ்ஸிலும் அங்கிருந்து கவரைப்பேட்டைவரை ரயிலிலும் கூடையோடு வருவார். பஸ்ஸில் கூடைக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்ற கண்டக்டர்கள் எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது தோற்றிருக்கிறார்கள்.

கவரைப்பேட்டைக்கு அருகே, டிரங்கு ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில் நான் ஒன்றிய மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. இதில் வரும் சிலரின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். டாக்டர் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும், கட்டுப் போடுவதும், நோயாளிகள் பதிவேட்டை எழுதுவதும் என் வேலை. பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள் உண்டு. தேதி, நேரம், பெயர், வயது, குறை, கண்ட அறிகுறிகள், கொடுத்த மருந்து, காரணம். எட்டையும் நிரப்பாமல் நான் ஒரு நாளும் பேனாவை மூடியதில்லை.

கோவிந்தம்மா முதலில் அரிசி ஆலை வாசலில் மீன் வறுத்து விற்றார். 1971இல் மதுவிலக்கு தளர்ந்து ஊருக்குச் சாராயக் கடை வந்தது. கடையில் ஊற்றிக் கொடுத்தவர் தணிகாசலம். அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு புளிய மரத்தடியில் கோவிந்தம்மா அடுப்பை மாற்றிக்கொண்டார். தணிகாசலம் அவரை “அக்கா” என்பார். கோவிந்தம்மா தணிகாசலத்தை “நைனா”, அதாவது அப்பா, என்பார், தணிகாசலம் பத்து வயது இளையவர் என்றாலும்.

“இன்னா நைனா, ஒன் சரக்கு எரியுதா, என் மொளகா எரியுதா?”

“ஒன் மொளகாதான்க்கா. என் சரக்கைக் குடிச்சிட்டு அதை அணைக்கறாங்க.”

கோவிந்தம்மா விற்றது பெரும்பாலும் மடவை, சில நாள் கிழங்கான். கூடை வந்ததும் ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் அந்த மீன் அடுப்புக்குப் போகாது. மாலையில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க மாட்டார். தெரு நாய்களுக்குப் போட்டுவிட்டுச் சட்டியைக் கவிழ்ப்பார். இதை நான் பல நாள் மருந்தக ஜன்னலில் இருந்தே பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும், பிறகு எழுதியது வேறு.

1972 ஆகஸ்டு 19, சனிக்கிழமை, மாலை ஐந்து ஐந்துக்கு ஓர் ஆளைத் தூக்கி வந்தார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவன், வயது இருபத்தாறு. வாந்தி, தலைசுற்றல், நிற்க முடியவில்லை. கூட வந்தவர் ஆலை மேஸ்திரி குப்புராஜ்.

“சாராயம் குடிச்சானா?” என்று கேட்டேன்.

“ஒரு கிளாசு. அதுக்கெல்லாம் விழற ஆளா இவன்? ரெண்டு துண்டு மீனு துன்னான். அதான் ஒத்துக்கல.”

செப்டம்பர் 2, அதுவும் சனிக்கிழமை, மாலை நான்கு நாற்பதுக்கு ஒரு வண்டிக்காரனைக் கொண்டு வந்தார்கள். அதே வாந்தி, அதே சுற்றல், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கூட வந்தவர் அப்போதும் குப்புராஜ்தான். அப்போதும் “மீனுதான்யா” என்றார்.

இரண்டு பேரும் படுத்திருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுந்து போனார்கள். எட்டாவது கட்டத்தில் நான் இரண்டு முறையும் எழுதினேன்: “கெட்டுப்போன மீன் உணவு, புளிய மரத்தடி.”

பதிவேட்டின் நகல் மாதம் ஒருமுறை சானிட்டரி இன்ஸ்பெக்டர் யேசுதாசுக்குப் போகும். அவர் கடமை தவறாதவர். ஒரே இடத்து மீனால் இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்ததும் செப்டம்பர் 26 அன்று நேரில் வந்து கோவிந்தம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமைக்குள் அடுப்பை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் அந்த ஊரில் எங்கும் சமைத்த உணவு விற்கக் கூடாது என்பது உத்தரவு.

கோவிந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

“இதுல இன்னா எழுதிக்கீது, படிச்சி சொல்லு கம்பவுண்டரே.”

படித்துச் சொன்னேன்.

“என் மீனு கெட்ட மீனுன்னு யாரு சொன்னது?”

“பதிவேட்டில் இருக்கிறதும்மா.”

“பதிவேடு வந்து என் மீனைத் துன்னுச்சா?”

அவர் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த வைகாசியில் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அந்தக் கல்யாணம் முழுவதும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் 30 புரட்டாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் மீன், கறி கிடையாது. சனிக்கிழமையில் பெருமாளுக்காக மதியம்வரை பட்டினியும் இருப்பார்கள். ஆனால் சாராயக் கடையில் கூட்டம் குறையாது. “பெருமாளு மீனைத்தான் வேணான்னாரு, இது சைவம்தானே” என்று தணிகாசலத்திடம் டம்ளரை நீட்டுவார்கள். கோவிந்தம்மா அந்த மாதம் முழுவதும் மீன் சட்டியைத் தொடுவதில்லை. புது மண்சட்டியில் கடலைச் சுண்டல் மட்டும் விற்பார்.

அன்று மாலை நான்கு இருபதுக்கு ஓர் ஆள் மருந்தக வாசலில் நின்று கத்தினான். “கம்பவுண்டரய்யா, ஓடியாங்க, சுப்பராயன் செத்துக்கினு கீறான்!”

சுப்பராயன் ஆலையில் நெல் அவிப்பவர். முப்பத்திரண்டு வயது, பலசாலி, எனக்கு நன்றாகத் தெரிந்தவர். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மருந்தகத்திலிருந்து கடை இருநூறு அடிதான்.

நான் போனபோது நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நடுவில் குப்புராஜும் இன்னொருவரும் சுப்பராயனை ஆளுக்கொரு தோளில் தாங்கி நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் குடித்து விழுந்தவனுக்குச் செய்யும் வைத்தியம் அது. நடக்க நடக்கப் போதை இறங்கும் என்பார்கள், கூடவே புளித்தண்ணீர் கொடுப்பார்கள். சுப்பராயனின் கால்கள் நடக்கவில்லை. பெருவிரல்கள் மண்ணில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு இழுபட்டன.

அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். பதினேழு ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்தவன் நான். சாவையும் பார்த்திருக்கிறேன். ஆனால் காலையில் மருந்தக வாசலில் எனக்குக் கும்பிடு போட்டுப் போன கரிய முகம், குளத்துப் பாசியில் சாம்பலைக் கலந்தது போலப் பச்சை வெளிறி நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை. உதடு வெள்ளை. நெற்றியிலிருந்து வேர்வை தண்ணீராக ஓடியது. தொட்டால் சில்லென்றிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி கிடைக்கவில்லை.

“வெஷச் சாராயம்யா!” என்றார் குப்புராஜ். “இன்னிக்கி மீனு கூட இல்ல. சரக்குல இன்னாத்தையோ கலந்துட்டான்.”

அந்தச் சொல் விழுந்ததும் கூட்டம் தணிகாசலத்தின் பக்கம் திரும்பியது. யாரோ பானையை எட்டி உதைத்தார்கள். தணிகாசலம் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினார். அவர் சட்டை ஏற்கெனவே கிழிந்திருந்தது. “ஐயோ, நான் ஒண்ணும் கலக்கல சாமி, முத்திரையோட வந்த பானை, எல்லாருந்தானே குடிச்சாங்க” என்று கும்பிட்டார். யாரும் கேட்கவில்லை.

நான் அந்த நேரத்தில் என்ன செய்யத் தொடங்கினேன் என்பதையும் எழுதியாக வேண்டும். “உட்கார வையுங்கள், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம்” என்றேன். ஒருவர் செம்பை சுப்பராயனின் வாயருகே கொண்டு போனார்.

அடுப்படியிலிருந்து கோவிந்தம்மா வந்த வேகத்தில் அந்தச் செம்பு பறந்து போய் மரத்தில் அடித்தது.

“நெனவு இல்லாதவன் வாயில தண்ணி ஊத்துவியா? மூச்சுக்குள்ள பூந்து செத்துப் பூடுவான்! ஏரியில முழுகினவனை எத்தினி பேரைத் தூக்கிப் போட்டிருக்கோம் நாங்க. வுடுடா அவனை. படுக்க வை. மல்லாக்க இல்ல, ஒருக்களிச்சி!”

குப்புராஜ், “நடக்க வெச்சாத்தான் எறங்கும்” என்றார்.

“நிக்க வெச்ச ஒடனே கண்ணு மேல சொருவுது, பாக்கல நீ? கீழ வெய்யிடா!”

வைத்தார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, முகம் தரைப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, மேல் காலை மடித்து வைத்தார் கோவிந்தம்மா. படுக்க வைத்த அரை நிமிடத்தில் சுப்பராயன் வாந்தி எடுத்தார். அது வாயோரமாக மண்ணில் வழிந்து போனது. மல்லாந்திருந்தாலோ, நின்றபடி தலை பின்னால் சாய்ந்திருந்தாலோ அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். வாந்தியில் தண்ணீரும் சாராய நாற்றமும் தவிர எதுவும் இல்லை. ஒரு கடலைகூட இல்லை.

நான் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தேன். இப்போது நாடி கிடைத்தது. நூல் போல மெலிந்து, ஆனால் படபடவென்று. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. நிற்க வைத்தபோது இல்லாத நாடி, படுக்க வைத்ததும் வந்துவிட்டது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை விழி மிளகாய்ப் பழம் போல் சிவந்திருந்தது. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சிவந்த கண், உலர்ந்த நாக்கு, நூற்றிருபதுக்கு மேல் நாடி. இவற்றை நான் முன்பே என் கையால் எழுதியிருக்கிறேன்.

இதற்குள் தணிகாசலத்தின் மேல் ஓர் அடி விழுந்துவிட்டது. கோவிந்தம்மா எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்கும் தணிகாசலத்துக்கும் நடுவே போய் நின்றார்.

“அடிக்கிறவன் எல்லாம் நில்லு. இந்தப் பானையில இன்னிக்கி குடிச்சவன் யாரு யாரு? கையைத் தூக்கு.”

ஒருவரும் தூக்கவில்லை.

“பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டேன், தூக்குங்கடா!”

சிரிப்பே வராத அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் எண்ணினேன். பதினாறு. சுப்பராயனோடு பதினேழு.

“பதினேழு பேரு குடிச்சி பதினாறு பேரு அடிக்க நிக்கறீங்க. ஒருத்தன்தான் விழுந்து கெடக்கறான். வெஷமுன்னா எல்லாருக்கும்தானே வெஷம்? இவன் மட்டும் தனியா இன்னா பண்ணான்?” அவர் நேராகக் குப்புராஜைப் பார்த்தார். “இவனை நீதான் லாரிங்க நிக்கற பக்கம் இட்டுக்கினு போன. நான் பாத்தேன். வந்த ஒடனே விழுந்தான். சிலும்பி எங்க கீது?”

குப்புராஜ் முகம் மாறியது. “இன்னா சிலும்பி? எனக்கு இன்னா தெரியும்?”

“மடியைக் காட்டு.”

“பொம்பளை நீ, ஒன் வேலையைப் பாரு.”

“என் வேலைக்குத்தான்டா செவ்வாக்கிழமை ஓலை வந்துக்கீது! போன ரெண்டு தடவையும் நீதானே கூட்டியாந்து மீனு மீனுன்னு சொன்ன? இன்னிக்கி நான் மீனே வறுக்கல. சொல்லு, இன்னிக்கி எந்த மீனு இவனைக் கடிச்சிச்சி?”

ஆந்திரப் பக்கமிருந்து வரும் லாரிகள் சிலவற்றில் கஞ்சா வருவதும், நிறுத்தத்துக்குப் பின்னால் அது கைமாறுவதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாராயம் அப்போது சட்டப்படியான சரக்கு. கஞ்சா அப்படியல்ல, போலீஸ் பிடிக்கும். அதனால்தான் மூன்று முறையும் அந்தச் சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

கடைசியில் குப்புராஜ் உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து சிலும்பி, கஞ்சா இழுக்கும் சிறிய மண் குழாய், கீழே விழுந்தது.

“நானுந்தான்யா இழுத்தேன்” என்றார் அழுவது போல. “எனக்கு ஒண்ணும் ஆவலியே. அவன் ரெண்டு கிளாசு போட்டுட்டு வந்தான். பட்டினி வேற. ‘எனக்கும் ஒரு இழுப்பு’ன்னான். நாலு இழுப்பு இழுத்தான். கொஞ்ச நேரத்துல ‘தரை சுத்துது, வாந்தி வருது’ன்னான். எழுந்து நின்னான், அப்டியே போயிட்டான். சாவான்னு நெனைக்கல.”

“நீ எத்தினி கிளாசு போட்ட?” என்றார் கோவிந்தம்மா.

“நான் இன்னிக்கி குடிக்கல. மில்லுலேர்ந்து நேரா வந்தேன்.”

கோவிந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா கம்பவுண்டரே? லாரிக்காரங்க தெனம் இழுக்கறாங்க. இழுத்துட்டு என்கிட்ட நாலு தட்டு துன்னுட்டுப் போறாங்க. ஒருத்தனும் விழுந்ததில்ல. அதனாலதான் இத்தினி நாளு நான் அதை நெனைக்கவே இல்ல. இங்க குடிக்கறவனும் தெனம் குடிக்கறான். தள்ளாடறான், ஒளறறான், இப்டி பச்சையா ஆவறதில்ல. ரெண்டையும் ஒண்ணா ஏத்தினவன்தான் விழறான். அந்த மூட்டைக்காரனைக் கேளு, வண்டிக்காரனைக் கேளு.”

வண்டிக்காரன் கூட்டத்திலேயே இருந்தான். நான் கேட்பதற்கு முன்பே தலை குனிந்துகொண்டான். அது போதுமானதாக இருந்தது.

சுப்பராயன் பக்கத்தில் நான் மாலை ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கால்களைக் கொஞ்சம் உயரமாக வைக்கச் சொல்லி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் மூச்சும் குறித்தேன். ஐந்து மணிக்குக் கண்ணைத் திறந்தார். “நான் செத்துட்டேனா?” என்று கேட்டார். பயத்தில் என் கையை விடவில்லை. “நெஞ்சு ஒடஞ்சிடும்போல அடிக்குது” என்றார். ஐந்தரைக்கு நூற்றுப் பத்து, ஆறு பத்துக்குத் தொண்ணூற்றாறு. முழு நினைவு வந்து, தானே விழுங்குகிறார் என்று தெரிந்த பிறகுதான் கோவிந்தம்மா சர்க்கரை கரைத்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தார். ஒரு தரம் சுப்பராயன் அவசரப்பட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். உடனே முகம் மறுபடி வெளிறியது. “படுடா, ஒனக்கு எந்த ரயிலு போவுது?” என்று கோவிந்தம்மா அமுக்கிப் படுக்க வைத்தார்.

சாராயத்தில் உண்மையிலேயே விஷம் இருந்தால் அது சில மணி நேரம் கழித்தும் வேலை காட்டும், கண் பார்வை மங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலையில் சுப்பராயன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தூரத்து ரயில்வே கைகாட்டியைக் காட்டி நிறம் கேட்டேன். சரியாகச் சொன்னார். மற்ற பதினாறு பேரில் பதினான்கு பேரையும் நேரில் பார்த்தேன். ஒருவருக்கும் குறையில்லை.

பிறகு மருந்தகத்தைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன்.

ஆகஸ்டு 19, ஆறாவது கட்டம், என் கையெழுத்து: “முகம் வெளிறல். குளிர் வேர்வை. கண் சிவப்பு. நாக்கு வறட்சி. நாடி 124. உட்கார்ந்தால் மயக்கம், படுத்தால் தெளிவு. காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை.” செப்டம்பர் 2: “மேற்படி. நாடி 128.” கெட்ட மீன் தின்றவனுக்கு வயிறு முறுக்கும், போகும், பல பேருக்குக் காய்ச்சல் வரும். மூன்று மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு நடக்க மாட்டான். ஆறாவது கட்டத்தில் இத்தனையும் எழுதியவன் எட்டாவது கட்டத்தை அதைப் பார்த்து நிரப்பவில்லை. கூட வந்தவன் சொன்னதைக் கேட்டு நிரப்பியிருக்கிறேன். அந்த மேசையில் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் நான் குறிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. சாராயமும் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், கஞ்சாவும் தளர்த்தும். இரண்டும் சேரும்போது ஆள் எழுந்து நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். மூளைக்குப் போவது குறையும். இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடித்தும் போதாது. முகம் வெளிறும், வேர்க்கும், விழுவான். உடம்பின் சமநிலையை இரண்டும் தனித்தனியே கெடுக்கும், அதனால் சுற்றலும் குமட்டலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வெறும் வயிற்றில் சாராயம் இன்னும் விரைவாக ஏறும். பழகாதவனுக்கு எல்லாமே அதிகம். குப்புராஜ் பழகினவன், அன்று குடிக்கவும் இல்லை, அதனால் நின்றான். சேர்த்த எல்லோரும் எல்லா நாளும் விழ மாட்டார்கள், ஆனால் அடிக்கடி விழுவார்கள். பெரும்பாலும் படுத்திருந்தால் தெளிந்துவிடும். நினைவில்லாமல் வாந்தி எடுத்து அது மூச்சில் போவதுதான் ஆளைக் கொல்லும். “அந்த அம்மா செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன்” என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு டாக்டர் என்னிடம் ஒன்று கூடுதலாகச் சொன்னார். சாராயம் உள்ளே இருக்கும்போது இழுத்தால், அதே அளவு புகையிலிருந்து கஞ்சாவின் சத்து ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்களாம். நான்கு இழுப்பு நான்கு இழுப்பாக நிற்பதில்லை. வெளிநாட்டில் இப்படி விழுவதற்குப் பச்சையாகிப் போவது என்றே பெயராம். சுப்பராயன் முகத்தைப் பார்த்தவனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

அன்றே, உத்தரவின் கடைசி நாளில், பதினொரு மணிக்கு யேசுதாஸ் வந்தார். அடுப்பை எடுத்தாயிற்றா என்று பார்க்க வந்தவரை நான் மருந்தகத்துக்கு அழைத்தேன். இரண்டு பதிவுகளிலும் எட்டாவது கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் “தவறு. சாராயத்துடன் கஞ்சா” என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தேன். டாக்டரும் போட்டிருந்தார்.

யேசுதாஸ் வெகுநேரம் பார்த்தார். “உங்க எழுத்தை நம்பித்தான் சார் நான் அந்த ஓலையைக் கொடுத்தேன்” என்றார்.

“தெரியும்.”

“மேலே எழுதினால் உங்க சர்வீஸ் புக்கில் ஏறும்.”

“ஏறட்டும்.”

அவர் உத்தரவை ரத்து செய்து அங்கேயே எழுதிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போனேன். கோவிந்தம்மா அடுப்புக் கற்களைப் பெயர்த்துக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் கல்லைக் கீழே வைக்கவில்லை.

“ரிஜிஸ்டர்ல கோடு அடிச்சிட்ட. சரி. ஊரு வாயில யாரு அடிப்பா? ‘கோவிந்தம்மா மீனு துன்னா வாந்தி’ன்னு மில்லு பூரா பேசறான். ஐப்பசி பொறந்து நான் மீனு வறுத்தா எவன் வாங்குவான்?”

“என்ன செய்ய வேண்டும் சொல்லும்மா.”

“ஐப்பசி மொத நாளு பகல்ல வா. எல்லாரும் சோத்துக்கு வெளிய வர நேரம். இந்த மரத்தடியில ஒக்காந்து என் மீனைத் துன்னு. எல்லாரும் பாக்கணும்.”

நாங்கள் சைவக் குடும்பம். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்துதான் கேட்கிறார் என்று புரிந்தது. “வருகிறேன்” என்றேன்.

ஐப்பசி முதல் நாள் அந்த ஆண்டு அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டரைக்கு ஆலைச் சங்கு ஊதியது. நான் மரத்தடியில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஆலை ஆட்கள் வெளியே வந்து, என்னைப் பார்த்து, போகாமல் நின்றார்கள். தணிகாசலம் கடையை விட்டு வெளியே வந்தார்.

“அக்கா, கம்பவுண்டரய்யா ஐயரு மாரி ஆளு. பாத்துப் போடு.”

“நீ வாயைப் பொத்து நைனா.”

கோவிந்தம்மா எனக்கு முன்னால் ஒரு மடவையின் செவுளை விரித்து, நான்கு பக்கமும் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். இரத்தச் சிவப்பாக இருந்தது. பிறகு இன்னொன்றை வறுத்து, மந்தார இலையில் வைத்து நீட்டினார். எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பத்துப் பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முள்ளு எடுக்கத் தெரியாதா?” என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

“தெரியாது.”

அவரே குனிந்து, நடு முள்ளை ஒரே இழுப்பில் உருவி எடுத்து, சதையை இரண்டாகப் பிரித்து வைத்தார். நான் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன். கை கழுவிய பிறகும் கூட்டம் கலையவில்லை. நான் விழுகிறேனா என்று பார்த்தார்களோ என்னவோ. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மருந்தகத்துக்கு நடந்தேன்.

அன்று அவர் விற்றது நான்கு தட்டுதான். மிஞ்சியதை மாலையில் நாய்களுக்குப் போட்டார். மறுநாள் ஒன்பது. அந்த வாரச் சனிக்கிழமை சட்டி மூன்று மணிக்கே காலியானது. குப்புராஜுக்கு மட்டும் கோவிந்தம்மா கடைசிவரை விற்கவில்லை. பெரிய பெண்ணின் கல்யாணம் பேசியபடி வைகாசியில் நடந்தது. 1974இல் சாராயக் கடை மூடப்பட்டது. அவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மீண்டும் ஆலை வாசலுக்கே போனார்.